இழுப்பறை மூடுகிறதா, திறக்கிறதா? குறுவீடியோவில் கணினி அசைவைப் படிக்கும் விதம்

மேசை இழுப்பறை ஒன்றை ஒருவர் கையால் தள்ளி மூடுகிறார். நான்கு விநாடி வீடியோ. விநாடிக்கு 12 ஃபிரேம் வீதம் மொத்தம் 48 படங்கள். இந்தக் கிளிப்புக்கு ‘எதையோ மூடுதல்’ என்று கணினி பெயரிட வேண்டும். நடுவிலிருந்து ஒரே ஒரு படத்தை உருவிப் பார்த்தால் பாதி திறந்த இழுப்பறையும் அதன் மேல் ஒரு கையும் தெரியும். அது திறக்கும் கையா, மூடும் கையா என்பதை அந்தப் படத்தால் சொல்ல முடியாது. விடை படங்களுக்கு இடையே இருக்கிறது.

இத்தகைய கிளிப்புகளை மட்டுமே திரட்டி, ட்வென்டி பில்லியன் நியூரான்ஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் ‘சம்திங்-சம்திங்’ என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதன் முதல் பதிப்பில் 1,08,499 கிளிப்புகளும் 174 வகைகளும் இருந்தன. ‘எதையோ திறத்தல்’, ‘எதையோ இடமிருந்து வலமாகத் தள்ளுதல்’ என்று எந்தப் பொருள் என்பதைச் சொல்லாமலே வகைகளுக்குப் பெயர் வைத்தார்கள். ‘திறக்காமலே திறப்பதுபோல் நடித்தல்’ என்றுகூட ஒரு வகை உண்டு. பொருளை அடையாளம் கண்டு விடையை ஊகித்துவிடும் வழியை அடைப்பதுதான் நோக்கம்.

அந்த வழி அதுவரை அகலத் திறந்தே கிடந்தது. 2012-இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் வெளியிட்ட யுசிஎஃப்-101 தொகுப்பில் யூடியூபிலிருந்து எடுத்த 13,320 கிளிப்புகள் 101 வகைகளாக உள்ளன. நீச்சல், வில்வித்தை, பியானோ வாசித்தல் என்று போகும் அந்தப் பட்டியலில் பல வகைகளுக்கு ஒற்றைப் படம் போதும்: நீல நீரும் மிதவைக் கயிறும் தெரிந்தால் நீச்சல்தான். 2014-இல் ஆந்த்ரே கார்பதியும் சகாக்களும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீடியோக்களைக் கொண்டு செய்த சோதனை இதை வெளிச்சமிட்டது. தனித்தனிப் படங்களை மட்டும் பார்த்த வலை 59.3 விழுக்காடு சரியாகச் சொன்னது. பல ஃபிரேம்களைப் படிப்படியாகச் சேர்த்துப் பார்த்த வலை எட்டியது 60.9. காலத்தைச் சேர்த்ததற்குக் கிடைத்த கூலி ஒன்றரைப் புள்ளிதான். கால அசைவைக் கற்கும் முறைகளை ஒப்பிட விரும்புவோருக்கு நீச்சல் குளத்தைவிட இழுப்பறையே தக்க களம்.

முதலில் இயல்பாகத் தோன்றும் முறை, வேலையை இரண்டாகப் பிரிப்பது. ஒவ்வொரு ஃபிரேமையும் படங்களை அடையாளம் காணப் பழகிய ஒரு வலைக்குள் அனுப்பி, அந்தப் படத்தின் சாரமாக ஓர் எண்வரிசையைப் பெறுவது முதல் பாதி. பரவலாகப் பயன்படும் ரெஸ்நெட்-50 வலை என்றால் ஃபிரேமுக்கு 2,048 எண்கள். இரண்டாம் பாதியில் இந்த எண்வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சுழல்வலைக்குள் நுழைகின்றன. சுழல்வலை என்பது ஒவ்வொரு படியிலும் புதிய வரவையும் தன் பழைய நினைவையும் கலந்து புதிய நினைவை உண்டாக்கும் அமைப்பு. இதில் அதிகம் புழங்குவது ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் 1997-இல் முன்வைத்த எல்எஸ்டிஎம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாயில்கள் அதற்கு உண்டு. கடைசிப் படியில் எஞ்சும் நினைவிலிருந்து கிளிப்பின் பெயர் முடிவாகிறது.

இந்த முறையின் பெரிய வசதி, முதல் பாதியை யாரோ ஏற்கெனவே பயிற்றுவித்து வைத்திருப்பது. இமேஜ்நெட் போன்ற தொகுப்புகளில் பெயரிடப்பட்ட நிழற்படங்கள் பத்து லட்சத்துக்கு மேல் உள்ளன. பெயரிடப்பட்ட வீடியோக்கள் அந்த அளவுக்குக் கிடைப்பது அரிது. ஃபிரேம் சாரங்களை ஒருமுறை கணக்கிட்டு வட்டில் சேமித்துவிட்டால் சுழல்வலையைச் சாதாரணக் கணினியிலேயே பயிற்றுவிக்கலாம். கையில் சில நூறு கிளிப்புகளே இருப்பவருக்கு இது சிறிய வசதி அல்ல.

குறை எங்கே என்றால், சாரம் எடுக்கும் இடத்தில். 224 பிக்சல் அகலமுள்ள படம் ரெஸ்நெட்டின் கடைசி அடுக்கை அடையும்போது 7-க்கு 7 கட்டங்களாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு இடையிலான தூரம் மூலப் படத்தில் 32 பிக்சல். அதன்பின் அந்த 49 கட்டங்களின் சராசரிதான் சாரமாக வெளியே வருகிறது. ‘கோப்பை இருக்கிறது, கை இருக்கிறது’ என்பது அந்தச் சராசரியில் நிலைக்கும். கோப்பை இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கம் இருந்ததா என்பது பெரும்பாலும் கரைந்துபோகும். படத்தில் பூனை எந்த மூலையில் இருந்தாலும் பூனை என்றே சொல்ல வேண்டும் என்று பழகிய வலையிடம் வேறெதையும் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு நிழற்படத்தையும் ஒருவர் பார்த்து ஒரு வரிக் குறிப்பு எழுத, மற்றொருவர் படங்களைப் பார்க்காமல் குறிப்புகளை மட்டும் படித்துக் கதை சொல்வதற்கு இது ஒப்பு. குறிப்பில் விடுபட்டதை இரண்டாமவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் மீட்க முடியாது.

ஆனாலும் இழுப்பறை விஷயத்தில் சுழல்வலை கையறு நிலையில் இல்லை. திறந்த இழுப்பறையும் மூடிய இழுப்பறையும் தோற்றத்திலேயே வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு சாரத்தில் தங்கும். ‘முதலில் திறந்தது, பிறகு மூடியது’ என்ற வரிசையைப் பிடிப்பது எல்எஸ்டிஎம்முக்குக் கைவந்த வேலை. அது தடுமாறுவது கோப்பையை இடமிருந்து வலமாகத் தள்ளும் கிளிப்பில்தான். அங்கே முதல் படத்தின் குறிப்பும் கடைசிப் படத்தின் குறிப்பும் ஏறத்தாழ ஒன்றே. ஆக, நிலை மாறும் செயல்களுக்குச் சுழல்வலை ஓரளவு பொருந்தும். இடம் மட்டும் மாறும் செயல்களில் அது திணறும். இந்த வேறுபாட்டைப் பிரிக்காமல் ஒரே சராசரி மதிப்பெண்ணை வைத்து முறைகளை ஒப்பிடும் கட்டுரைகள் பல, பயன் குறைவு.

முப்பரிமாணக் கன்வல்யூஷன் காலத்தை வேறோர் இடத்தில் கலக்கிறது. சாதாரணக் கன்வல்யூஷன் என்பது 3-க்கு 3 போன்ற ஒரு சிறு எண்கட்டத்தைப் படத்தின் மேல் இடம்விட்டு இடம் நகர்த்தி, கீழே அகப்படும் பிக்சல்களோடு பெருக்கிக் கூட்டுவது. அந்தக் கட்டம் எந்த வடிவைத் தேடுகிறதோ அந்த வடிவு இருக்கும் இடத்தில் கூட்டுத்தொகை உயரும். இதே கட்டத்துக்குக் காலத்திலும் ஆழம் கொடுத்து, அடுத்தடுத்த மூன்று ஃபிரேம்களை ஒருசேரத் தொடும் 3×3×3 கனசதுரமாக்கினால் அது முப்பரிமாணக் கன்வல்யூஷன். இங்கே மூன்றாம் பரிமாணம் காலம்.

இதனால் என்ன கிடைக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். படம் என்பது மூன்று பிக்சல் கொண்ட ஒரே ஒரு வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஒளிப்புள்ளி முதல் ஃபிரேமில் முதல் இடத்திலும், இரண்டாவதில் இரண்டாம் இடத்திலும், மூன்றாவதில் மூன்றாம் இடத்திலும் இருக்கிறது. அதாவது வலப்பக்கம் நகர்கிறது. வடிகட்டியில் அதே மூன்று இடங்களில் 1-ம், மற்ற இடங்களில் 0-வும் இருக்கட்டும். பெருக்கிக் கூட்டினால் விடை 3. இப்போது புள்ளி எதிர்த்திசையில், மூன்றாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்குப் போகிறது. வடிகட்டியோடு ஒத்துப்போவது நடு ஃபிரேம் மட்டும், விடை 1. புள்ளி நடுவில் அசையாமல் நின்றாலும் விடை 1-தான். மூன்றுக்கும் ஒன்றுக்கும் உள்ள இந்த இடைவெளியே திசையைப் பற்றிய செய்தி. அது வலையின் முதல் அடுக்கிலேயே, எந்தப் பொருள் என்று தெரிவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. இதே மூன்று ஃபிரேம்களைத் தனித்தனியாகப் பார்த்து இடத்தைச் சராசரியாக்கும் முறைக்கு, இரண்டு திசைகளிலும் கிடைப்பது ‘ஒரு புள்ளி, ஒரு புள்ளி, ஒரு புள்ளி’ என்ற ஒரே குறிப்பு. மெய்யான வலையில் வடிகட்டியின் எண்களை எவரும் கையால் எழுதுவதில்லை. பயிற்சியில் அவை தாமாக உருவாகின்றன.

டூ டிரான் குழுவினர் 2015-இல் வெளியிட்ட சி3டி வலை இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது. எட்டு கன்வல்யூஷன் அடுக்குகள், எல்லாமே 3×3×3. உள்ளே போவது 112 பிக்சல் சதுரமான 16 ஃபிரேம்கள். இடையிடையே அளவைச் சுருக்கும் அடுக்குகள் உண்டு. முதல் சுருக்கம் நீள அகலத்தை மட்டும் பாதியாக்கி, காலத்தைத் தொடாமல் விடுகிறது. அடுத்த நான்கும் காலத்தையும் பாதியாக்க, 16 ஃபிரேம் 8, 4, 2 என்று குறைந்து இறுதியில் 1 ஆகிறது. முதல் சுருக்கத்திலேயே காலத்தில் கைவைத்தால் நுண்ணிய அசைவு அடுக்குகளால் படிக்கப்படும் முன்பே தொலைந்துவிடும் என்பதே அந்த விதிவிலக்குக்குக் காரணம்.

விலை இல்லாமல் இது கிடைப்பதில்லை. உள்ளே 64, வெளியே 64 தடங்கள் உள்ள ஓர் அடுக்கில் 3×3 வடிகட்டிகளுக்கு 36,864 எடைகள் போதும். 3×3×3 என்றால் அது மும்மடங்காகி 1,10,592 ஆகிறது. எடைகள் பெருகப் பெருக அவற்றைக் கட்டுப்படுத்தக் கூடுதல் தரவு வேண்டும். தரவு குறைந்தால் வலை கற்பதை விட்டு மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். ஜுவாவ் கரேராவும் ஆண்ட்ரூ சிசர்மனும் 2017-இல் செய்த ஒப்பீட்டில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. யுசிஎஃப்-101 தொகுப்பில், இமேஜ்நெட்டில் பழகிய வலையோடு எல்எஸ்டிஎம் சேர்ந்த 90 லட்சம் எடை கொண்ட மாடல் 81.0 விழுக்காடு பெற்றது. எடைகளை வெறுமையிலிருந்து தொடங்கிய, 7.9 கோடி எடை கொண்ட முப்பரிமாண வலை 51.6-இல் நின்றது. முன்பயிற்சியில்லாத முப்பரிமாண வலையைச் சிறு தொகுப்பில் பயிற்றுவிப்பவர்கள் பயிற்சித் துல்லியம் நூறை நெருங்குவதையும் சோதனைத் துல்லியம் பாதியில் தேங்குவதையும் அடிக்கடி பார்ப்பார்கள். அந்த இடைவெளிதான் மனப்பாடத்தின் அடையாளம். அதற்கு மேலும் ஆழமான வலையைத் தேடுவது நோயைக் கூட்டும்.

மருந்தும் அதே கட்டுரையில் இருந்தது. நிழற்படங்களில் பழகிய இருபரிமாண வடிகட்டியை எடுத்து, காலத்தின் திசையில் மூன்று முறை நகலெடுத்து அடுக்கி, ஒவ்வோர் எடையையும் மூன்றால் வகுத்துவிடுவது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும் அசைவற்ற வீடியோ ஒன்றை இந்த வலைக்குள் அனுப்பினால், அந்தப் படத்துக்குப் பழைய வலை கொடுத்த விடையே வெளிவரும். வகுத்தலின் நோக்கம் அதுதான். இப்படித் தொடங்கும் வலைக்குப் பொருள்களைக் காண ஏற்கெனவே தெரியும். பயிற்சியில் அது கற்க வேண்டியது நகல்களுக்கு இடையே வேறுபாட்டை உண்டாக்கி அசைவை அறிவதை மட்டுமே. ஐ3டி எனப்படும் இந்த வலை, நிறப்படங்களை மட்டும் கொண்டு அதே சோதனையில் 84.5 எட்டியது. அவர்களே அறிமுகம் செய்த, பத்து விநாடி யூடியூப் கிளிப்புகளை 400 வகைகளாகக் கொண்ட கைனெட்டிக்ஸ் தொகுப்பு வந்தபின் தரவுப் பற்றாக்குறையும் தளர்ந்தது. ஜப்பானிய ஆய்வாளர் கென்ஷோ ஹாராவின் குழு 2018-இல் காட்டிய கணக்கில், 18 அடுக்கு முப்பரிமாண ரெஸ்நெட் யுசிஎஃப்-101-இல் வெறுமையிலிருந்து பயின்றபோது 42.4 விழுக்காடும், கைனெட்டிக்ஸில் பயின்றுவிட்டு வந்தபோது 84.4 விழுக்காடும் பெற்றது. வலை அதேதான், முன்பயிற்சி மட்டும் மாறியது.

இதுவரை சொன்னதெல்லாம் வலைக்குள் நுழைந்த ஃபிரேம்களைப் பற்றியது. எந்த ஃபிரேம்கள் நுழைகின்றன என்பது அதற்கு முந்தைய கேள்வி. நடைமுறையில் பல தோல்விகளின் வேர் அங்கேதான் கிடக்கிறது. சி3டி ஏற்கும் 16 ஃபிரேம், விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அரை விநாடியைச் சற்றே தாண்டும். பத்து விநாடிக் கிளிப்பில் அது பத்தொன்பதில் ஒரு பங்கு.

இழுப்பறைக் கிளிப்புக்குத் திரும்பி இதைக் கணக்கிடலாம். 48 ஃபிரேம்களில் கை மெல்ல நெருங்குவது 17-ஆவது வரை. இழுப்பறை நகர்வது 18 முதல் 33 வரை. பிறகு கை விலகுகிறது. பயிற்சியின்போது எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கி அடுத்தடுத்த 16 ஃபிரேம்களை எடுப்பது வழக்கம். தொடங்கக்கூடிய இடங்கள் 33. அவற்றில் நகர்வு முழுவதும் அகப்படுவது 18-இல் தொடங்கும் ஒரே ஒரு துண்டில். நகர்வின் பாதிக்கும் குறைவாகவே அகப்படும் துண்டுகள் 16, ஏறக்குறைய பாதி. முதலிரண்டு துண்டுகளில் நகர்வே இல்லை. ஆனால் இந்த 33 துண்டுகளுக்கும் ‘எதையோ மூடுதல்’ என்ற ஒரே விடையைச் சொல்லித்தான் வலை பயில்கிறது. கை நெருங்குவதை மட்டும் பார்த்துவிட்டு ‘மூடுதல்’ என்று சொல்லக் கட்டாயப்படுத்தினால், வலை மேசையின் நிறத்தையோ அறையின் வெளிச்சத்தையோ பற்றிக்கொள்ளும்.

ஒன்று விட்டு ஒன்றாக 16 ஃபிரேம் எடுத்தால் காட்சி மாறுகிறது. இப்போது துண்டின் நீளம் 31 ஃபிரேம். தொடங்கக்கூடிய இடங்கள் 18. அவற்றில் 16 இடங்களில் நகர்வு முழுவதும் துண்டுக்குள் விழுகிறது. வலையின் வேலை ஒரு பெருக்கல்கூடக் கூடவில்லை.

மூன்றாவது வழி, லிமின் வாங் குழுவினர் 2016-இல் டிஎஸ்என் என்ற பெயரில் பரப்பிய பகுதித்தேர்வு. கிளிப்பைச் சம பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு ஃபிரேமை எடுப்பது. 48 ஃபிரேமை எட்டுப் பகுதிகளாக்கினால் பகுதிக்கு ஆறு. பயிற்சியில் ஆறில் ஏதேனும் ஒன்று குலுக்கலில் வரும், சோதனையில் நடுவிலுள்ளது. நடுவிலிருந்து எடுத்தால் 3, 9, 15, 21, 27, 33, 39, 45 என்ற எட்டுப் படங்கள் கிடைக்கும். நகர்வைச் சேர்ந்தவை மூன்று; முன்னும் பின்னும் உள்ள நிலைகளும் கையில் இருக்கின்றன. எட்டே படங்களில் முழுக் கதையும் வந்துவிடுகிறது. சுழல்வலைக்கு இது மிகவும் தோதான உணவு. நிலை மாற்றத்தைப் பிடிக்க இடைப்பட்ட ஃபிரேம்கள் அதற்குத் தேவையில்லை.

முப்பரிமாண வலைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இழுப்பறையின் விளிம்பு ஃபிரேமுக்கு 6 பிக்சல் நகர்கிறது என்றால், ஆறு ஃபிரேம் இடைவெளியில் அது 36 பிக்சல் தாண்டிவிடுகிறது. முதல் அடுக்குகளில் ஒரு வடிகட்டி பார்க்கும் பரப்பு சில பிக்சல்களே. இந்த ஃபிரேமில் அங்கே இருந்த விளிம்பு அடுத்த ஃபிரேமில் அதன் பார்வைக்கே வராது. படம் 32 மடங்கு சுருங்கிய கடைசி அடுக்குகளில் அதே 36 பிக்சல் ஒரு கட்டத்தைச் சற்றே மீறிய தூரம். அங்கேதான் தொடர்பு பிடிபடும். ஆகவே நெருக்கமாக எடுத்த ஃபிரேம்களுக்கு முன் அடுக்குகளில் முப்பரிமாண வடிகட்டி பயன்படும். தொலைவாக எடுத்தவற்றுக்குப் பின் அடுக்குகளில் வைப்பதே பொருந்தும். 2018-இல் கூகுளின் சைனிங் ஷீயும் சகாக்களும் கீழடுக்குகளை இருபரிமாணமாகவே விட்டு மேலடுக்குகளை மட்டும் முப்பரிமாணமாக்கியபோது, செலவு குறைந்ததோடு துல்லியமும் நன்றாக நின்றது. இரண்டு தேவைகளையும் ஒரே வலையில் வைத்தது ஃபேஸ்புக் ஆய்வகத்தின் 2019 ஸ்லோஃபாஸ்ட். அதன் ஒரு தடம் 16 ஃபிரேமுக்கு ஒன்றாக நான்கே படங்களை எடுத்து ‘என்ன பொருள்’ என்று ஆழ்ந்து பார்க்கும். மற்றொரு தடம் எட்டு மடங்கு நெருக்கமாக 32 படங்களை எடுத்து, மெலிந்த வடிகட்டிகளால் அசைவை மட்டும் கவனிக்கும். அந்த வேகத்தடம் மொத்தக் கணக்கீட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்கிறது.

ஃபிரேம் தேர்வில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. திரும்பத் திரும்ப நிகழும் அசைவு ஒன்று. விநாடிக்கு மூன்று முறை ஆடும் கையை 30 ஃபிரேம் வேகத்தில் எடுத்தால், ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம். பத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தால் ஒவ்வொரு படத்திலும் கை ஒரே இடத்தில் இருக்கும். வலைக்கு அது அசையாத கை. பயிற்சியில் தேர்வைக் குலுக்கலுக்கு விடுவது இதை ஓரளவு தணிக்கும். மற்றது வீடியோவின் வேகம். விநாடிக்கு 25 ஃபிரேமில் பயின்ற வலைக்கு 60 ஃபிரேமில் எடுத்த கைபேசி வீடியோவை அப்படியே கொடுத்தால், எல்லாச் செயலும் மெதுவாக நடப்பதாகவே தெரியும். ஃபிரேமின் வரிசை எண்ணைக் கொண்டு தேர்வு செய்யாமல் அதன் நேரத்தைக் கொண்டு தேர்வு செய்வதே சரி. கைபேசிகள் வெளிச்சத்துக்கேற்ப வேகத்தை இடையிலேயே மாற்றுவதும் உண்டு என்பதால் இது வெறும் நுணுக்கம் அல்ல.

பயிற்சிக்குப்பின் வலை உண்மையில் அசைவைக் கற்றதா, காட்சியைக் கற்றதா என்று அறியச் சோதனைத் துல்லியம் மட்டும் போதாது. முதலில், நடு ஃபிரேம் ஒன்றை மட்டும் பார்க்கும் எளிய வலையைப் பயிற்றுவித்து அதன் மதிப்பெண்ணை அருகில் வைக்க வேண்டும். இரண்டும் ஒட்டியே இருந்தால் காலம் பயன்படவில்லை. தவறு வலையிலும் இருக்கலாம், காலம் தேவைப்படாத தரவிலும் இருக்கலாம். அடுத்தது வீடியோவைத் தலைகீழ் வரிசையில் ஓட்டிக் காட்டுவது. இழுப்பறைக் கிளிப்பைப் பின்னிருந்து முன்னாக ஓட்டினால் அது திறத்தல். அசைவைக் கற்ற வலையின் விடையும் அப்படி மாற வேண்டும். மாறாமல் ‘மூடுதல்’ என்றே சொன்னால் அது அந்த மேசையை மனப்பாடம் செய்திருக்கிறது. ஃபிரேம் வரிசையைக் கலைத்துக் கொடுப்பதும் இதே வகைச் சோதனை. இழப்பின் அளவைக் காட்ட ஓர் எண்: சம்திங்-சம்திங் முதல் பதிப்பில், எட்டு ஃபிரேம்களின் விடைகளைச் சராசரியாக்கி வரிசையைப் பொருட்படுத்தாத டிஎஸ்என் 19.7 விழுக்காடு பெற்றது. அதே ரெஸ்நெட்-50-இன் உள்ளேயே அண்டை ஃபிரேம்களுக்கிடையே தடங்களில் ஒரு பகுதியை இடம் மாற்றிய டிஎஸ்எம், 2019-இல் 45.6 எட்டியது.

தரவைத் தயாரிக்கும்போது நுழையும் பிழைகளும் இதே இடத்தில்தான் அகப்படும். பயிற்சிக்குப் பலவகை சேர்க்கப் படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்புவது நிழற்பட உலகின் பழக்கம். ‘இடமிருந்து வலமாகத் தள்ளுதல்’ கிளிப்பைத் திருப்பினால் விடையே பொய்யாகிவிடும். அதுபோல, படத்தின் ஓரங்களைக் குலுக்கலில் வெட்டும்போது ஒரு கிளிப்பின் எல்லா ஃபிரேம்களையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறினால், அசையாத மேசையும் குதிப்பதாக முப்பரிமாண வடிகட்டி படிக்கும். யுசிஎஃப்-101-க்கென்று தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. அதன் கிளிப்புகள் வகைக்கு 25 குழுக்களாக உள்ளன. ஒரு குழுவின் கிளிப்புகளில் பெரும்பாலும் பின்னணியும் ஆட்களும் பொது. குழுவைப் பிரித்துப் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் போட்டால் மதிப்பெண் வியக்கும்படி உயரும். அது சுவரின் நிறத்துக்குக் கிடைத்த மதிப்பெண்.

வெளியிடப்படும் எண்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்லோஃபாஸ்ட் போன்ற வலைகளைச் சோதிக்கையில் ஒரே வீடியோவிலிருந்து காலத்தில் 10 துண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களில் வெட்டிய படங்கள் என 30 முறை ஓட்டிச் சராசரி எடுப்பது வழக்கம். ஒரு முறை ஓட்டுவதற்கான செலவை மட்டும் பார்த்துக் கருவி வாங்குபவர் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது.

சுழல்வலை முற்றிலும் ஒதுங்கிவிடவில்லை. கேமராவிலிருந்து இடைவிடாமல் வரும் காட்சியை உடனுக்குடன் கவனிக்க வேண்டிய இடத்தில் அதன் இயல்பே துணை நிற்கிறது: புதிய ஃபிரேம் ஒன்று வந்தால் ஒரு படி மட்டும் கணக்கிட்டால் போதும், பழையவற்றைச் சேமித்து வைக்கத் தேவையில்லை. முப்பரிமாண வலைக்கு முழுத் துண்டும் கையில் சேர வேண்டும். பல வடிகட்டிகள் நடு ஃபிரேமுக்கு முன்னும் பின்னும் பார்ப்பதால் வரவிருக்கும் ஃபிரேமுக்காகக் காத்திருக்கவும் வேண்டும். நீண்ட வீடியோக்களிலும் சுழல்வலைக்கு இடம் உண்டு. ஜோ யுவே-ஹே இங் குழுவினர் 2015-இல் விநாடிக்கு ஒரு ஃபிரேம் வீதம் 30 ஃபிரேம்களை ஐந்தடுக்கு எல்எஸ்டிஎம்முக்குக் கொடுத்து, அரை நிமிடக் காட்சியை ஒரே மூச்சில் பார்க்க வைத்தார்கள். அதே அளவு காலத்தை விநாடிக்கு 30 ஃபிரேமாக முப்பரிமாண வலைக்குள் செலுத்த 900 ஃபிரேம் வேண்டும், நினைவகம் தாங்காது. துண்டுக்குள் முப்பரிமாணக் கன்வல்யூஷன், துண்டுகளுக்கு இடையே சுழல்வலை என்று இரண்டையும் இணைத்துக்கொள்வது இங்கே எளிய உடன்பாடு.

2021 முதல் டிரான்ஸ்ஃபார்மர் வலைகள் இந்தத் துறையில் முன்னுக்கு வந்துள்ளன. எந்த ஃபிரேம்களைக் கொடுப்பது என்ற கேள்வியை அவையும் மேலே சொன்ன அதே வழிகளில்தான் தீர்க்கின்றன. கூகுளின் விவிட் வலை வீடியோவைச் சிறு கனத்துண்டுகளாக வெட்டி எண்வரிசைகளாக்கும் முதல் படியே ஒரு முப்பரிமாணக் கன்வல்யூஷன். அதன் தொடக்க எடைகளுக்கு ஐ3டியின் நகலெடுத்து வகுக்கும் முறையையும், நிழற்பட எடைகளை நடு ஃபிரேமில் மட்டும் வைத்து மற்றவற்றைச் சுழியாக விடும் முறையையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டாவதே மேலாக இருந்தது.